இரண்டு முறை வேண்டாம் என்றேன்

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எந்தப் பல்கலைக்கழகத்தையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பல்கலைக்கழகங்கள்தான் எங்களை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. மாமா பி.காம். படிப்பைத் தபாலில் தொடங்கி, தபாலிலேயே தொலைத்தவர். அத்தை மகனுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் அவன் பெயரைக் கூப்பிடுவதற்குள் இடங்கள் தீர்ந்துபோயின. ஆகவே, வந்த இடத்தை மறுத்து எப்படி எழுதுவது என்று கேட்க எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது.

எங்கள் வீடு அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில். அப்பா எழுபதுகளின் கடைசியில் அரசுப் பேருந்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். நான் சொல்லும் இந்த விஷயம் நடந்தபோது ஓய்வு பெற இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அரியலூர் - பெரம்பலூர் தடத்தில்தான் அப்போது அவருக்கு டூட்டி. நான் திருச்சியில் நிலவியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் பழைய காலத்துக் கடல் நத்தைகளின் எச்சங்கள் கிடைக்கும். கல் உடைக்கிறவர்கள் அவற்றைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். சிமெண்ட் ஆலைக்கு நத்தையும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். நான் அவற்றைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "ஊர்ல இருக்குற கல்லப் படிக்க எதுக்குடி கடல் தாண்டிப் போவணும்?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கல்லைப் பற்றிய நல்ல படிப்பு கடல் தாண்டித்தான் இருந்தது. நான் என்ன செய்ய?

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஜெர்மனியில் ஒன்றுக்கும் விண்ணப்பித்தேன். எல்லாம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நடந்தது. குரும்பலூரிலிருந்து வரும் ஓர் அக்கா அதை நடத்திவந்தார். பிளைவுட் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், மேலே ஒரு மின்விசிறி. அரியலூரிலும் பிரவுசிங் சென்டர் உண்டு. ஆனால் அப்பாவின் பஸ்ஸில் ஏறினால் பெரம்பலூரில் இறங்கலாம். அவருடைய திரும்பும் டிரிப்பில் வீட்டுக்கு வந்துவிடலாம். பெண் தனியாக எங்கே போனாள் என்று யாரும் கேட்க முடியாது. பஸ் முழுக்கச் சாட்சி.

முதலில் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. நிபந்தனை இல்லாத இடம். இன்ன தேதிக்குள் ஏற்கிறாயா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதோடு அந்தப் படிப்பின் பொறுப்பாளரான பேராசிரியை தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். 'அரியலூர் என்ற பெயரைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அங்கிருந்தே ஒரு மாணவி வருவது எங்களுக்கு மகிழ்ச்சி' என்று. நான் அதை அங்கேயே பலமுறை படித்தேன். அரியலூரில் பிறந்ததற்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை.

செய்தியைக் கேட்ட அப்பா அன்று மாலை டிரிப்பிலேயே பஸ்ஸுக்கு அறிவித்துவிட்டார்.

"எம்பொண்ணு லண்டன் போறா."

"லண்டன் இல்லப்பா. அங்கேருந்து வடக்க ரொம்ப தூரம்" என்றேன்.

"தூரம்னா, நம்மூருக்கும் மெட்ராசுக்கும் இருக்குற தூரமா?"

"ஆமா, அவ்ளோ இருக்கும்."

"அப்ப லண்டன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

மாமா ஒரு படி மேலே போனார். கல்லங்குறிச்சி நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார். 'இலண்டன் மாநகர் செல்லும் எங்கள் குலவிளக்கே' என்று எழுதி, கீழே என் படம். பக்கத்தில் கும்பிட்டபடி மாமாவின் படம். என்னுடையதைவிட அது இரண்டு மடங்கு பெரிசு. வழியில் போகிறவர்கள் மாமாதான் லண்டன் போகிறார் என்று நினைத்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

அப்பா அந்த இடத்தைக் காட்டி அரியலூர் வங்கி ஒன்றில் கல்விக் கடனுக்கு அலைந்தார். கடைசியில் மேலாளர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்டுக் கடன் அனுமதிக் கடிதம் கொடுத்தார்.

அப்போதுதான் ஜெர்மனிக்காரர்கள் பதில் போட்டார்கள். இடம் உண்டு. அங்கே பாடக் கட்டணமே இல்லை. பருவத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். தங்கவும் சாப்பிடவும் ஆகும் பணத்தை மட்டும் முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். இங்கிலாந்துப் படிப்பு ஒரே வருடத்தில் முடிந்துவிடும். இது இரண்டு வருடம். அதில் பாதிக்கு மேல் பரிசோதனைக்கூடத்திலும் களத்திலும். நான் எந்த நத்தைகளைப் படிக்க ஆசைப்பட்டேனோ அவற்றையே அங்கே ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. யோசிக்க எதுவுமில்லை. ஆனாலும் யோசித்தேன், அந்தப் பேராசிரியையின் மின்னஞ்சலை நினைத்து.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"ஜெர்மனியில காசு வாங்காம எப்படிப் படிப்பு சொல்லித் தருவான்?"

"கவர்மெண்ட் குடுக்குதுப்பா."

"அவன் கவர்மெண்ட் நம்ம புள்ளைக்கு எதுக்குக் குடுக்குது?"

அது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

மாமாவுக்கு வேறு கவலை. "போர்டு வச்சாச்சேம்மா. இப்ப என்னா, பெயின்டு அடிச்சி ஜெர்மனின்னு எழுதச் சொல்றியா?"

மறுநாள் அப்பாவும் நானும் வங்கிக்குப் போனோம். கடனை ஜெர்மனிப் படிப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். மேலாளர் நல்லவர், பயந்தவர். வங்கியில் இரண்டும் சேர்ந்தே வரும்.

"மாத்தலாம். ஆனா பழச கேன்சல் பண்ணணும். நீ அந்த எடத்த வேணாம்னு சொன்னதுக்கு ஆதாரம் குடு. ஒரே பொண்ணுக்கு ரெண்டு யுனிவர்சிட்டின்னு ஃபைல்ல இருந்தா, ஆடிட்ல என்னையத்தான் கேப்பாங்க."

கடன் இருந்தால்தான் ஜெர்மனி விசா. இங்கிலாந்தை வேண்டாம் என்று சொன்னால்தான் கடன். அம்மாவுக்கு இந்தக் கணக்கு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"விசா கைக்கு வராம, இருக்குறத வேணாம்னு சொல்றதா? அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்லன்னு நடு ஆத்துல நிக்கப் போற. கொஞ்ச நாள் சும்மா இரு. அவங்களா கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா சொன்னது தவறில்லை. அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இங்கிலாந்துக் கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது. 'இடங்கள் குறைவு; வரவில்லை என்றால் தயவுசெய்து தெரிவியுங்கள், காத்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்' என்று. ஏதோ ஓர் ஊரில், ஒரு பிரவுசிங் சென்டரில், யாரோ ஒரு பெண் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் அதைவிட மேலாளர்தான் என்னை நெருக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எழுதலாம் என்று முடிவானது. என்ன எழுதுவது? எல்லோரிடமும் ஒரு வாசகம் இருந்தது.

"ஒடம்பு சரியில்லன்னு எழுது. யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த ஒரே மறுப்புக் கடிதம் பள்ளிக்கூட லீவு லெட்டர்.

"தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலைன்னு போடு. எதுக்கும் பொருந்தும்" என்றார் மாமா.

அப்பா தன் டெப்போவில் இருந்த சங்கச் செயலாளரைப் பிடித்தார். மனு எழுதுவதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். அவர் ஒரு முழுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். மேன்மை தங்கிய ஐயா என்று தொடங்கி, என் உரிமைகளுக்குப் பங்கம் ஏற்படாத வகையில் இந்த இடத்தை நிராகரிக்கிறேன் என்று போய், இதற்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேல்நடவடிக்கைக்கு உட்பட நேரிடும் என்று முடிந்திருந்தது.

"எதுக்கு சித்தப்பா மேல்நடவடிக்கை? நான்தானே வேணாங்கறேன்?" என்று அவரிடமே கேட்டேன்.

"அது இல்லாம எழுதினா கெடப்புல போட்ருவாங்கம்மா" என்றார் அவர். முப்பது வருட அனுபவம் பேசியது.

அதை மரியாதையாக மடித்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் பெரம்பலூர் போய் நானே எழுதினேன். தலைப்பில் படிப்பின் பெயரும் என் விண்ணப்ப எண்ணும். உள்ளே நாலைந்து வரிகள். இடம் தந்ததற்கு நன்றி. நன்றாக யோசித்து, வேறு நாட்டில் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதனால் இந்த இடத்தை ஏற்க முடியவில்லை. இதை வேறொருவருக்குக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும். சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, பேராசிரியைக்கும் ஒரு நகல் போட்டேன். அவருக்கென்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: அரியலூரைப் பற்றி நீங்கள் எழுதியதை மறக்க மாட்டேன்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கரண்ட் போனது.

மின்னஞ்சல் போனதா, போகவில்லையா? அக்காவிடம் கேட்டேன். "கரண்டு திரும்ப வந்தாதான் தெரியும்" என்றார். இருட்டில் மற்ற அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்தார்கள். தேர்வு முடிவு பார்க்க வந்த பையன்கள், ஜாதகம் பிரிண்ட் எடுக்க வந்த ஒருவர். எல்லோருடைய எதிர்காலமும் பாதியில் நின்றிருந்தது. கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தேன். போகவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை வேண்டாம் என்று சொல்ல முழுத் தைரியத்தையும் செலவழித்தவளுக்கு, அதையே மறுபடி முதலிலிருந்து தட்டுவது கொஞ்சம் கேவலமாக இருந்தது. இந்த முறை போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பதில் வந்தது. 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. சில வேலை நாட்களில் பதிலளிப்போம்' என்று இயந்திரம் போட்ட பதில். அதையும் என் மின்னஞ்சலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வேணாம்னு நீ சொல்லிருக்க. சரின்னு அவங்க எங்க சொல்லிருக்காங்க? அப்புறம், சீல் எங்க?"

"மெயில்ல சீல் இருக்காது சார்."

"கையெழுத்தாவது?"

"அதுவும் இருக்காது சார்."

"அப்புறம் எப்படிம்மா நம்புறது?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

சில நாள் கழித்து மின்னஞ்சலைத் திறந்தால் பேராசிரியையே எழுதியிருந்தார். என் முடிவை மதிப்பதாகவும், ஆனால் வருத்தமாக இருப்பதாகவும், கட்டணம்தான் காரணம் என்றால் துறையிலிருந்து ஒரு பகுதி உதவித்தொகை தர முடியும் என்றும், மறுபரிசீலனை செய்ய இயலுமா என்றும் கேட்டிருந்தார்.

அன்று திரும்பும் டிரிப்பில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தியா! வாரச் சந்தையில பொடவ எடுக்கயில ஒங்கம்மா என்னா செய்வா? வேணாம்னு நாலடி நடப்பா. கடக்காரன் பின்னாலயே கூப்புடுவான். நீ வேணாம்னு எழுதினப்பவே நெனச்சேன், எம்பொண்ணு வெவரமானவன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுதியது மறுப்பு என்று அப்பா ஒரு நாளும் நம்பவில்லை. அதை விலை பேசுவதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளும் கடைக்காரன் கூப்பிடுவதற்காகக் காத்திருந்திருக்கிறார். கூப்பிட்டும் விட்டான்.

"நான் வெல பேசலப்பா."

"சரி, பேசல. அவங்களாத்தான் கொறச்சாங்க. இப்ப லண்டனுக்கே போயிடலாம்ல?"

"கொறச்சும் ஜெர்மனியவிட அதிகம்தான். அதவிட, எனக்கு அங்கதான் படிக்கணும்னு இருக்கு. நெசமாவே இது வேணாம்."

அப்பா பின்பக்கம் போனார். சீட்டுச் சீட்டாக டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். அரியலூர் வரும் நேரத்தில் திரும்பி என்னிடம் வந்தார்.

"அப்ப மொதல்லயே 'நெசமாவே'ன்னு ஒரு வார்த்த போட்ருக்கணும்ல? பாவம், அந்தம்மா ஒனக்காக யார் யாருகிட்டப் போயி கேட்டுச்சோ."

அது என்னைச் சுட்டது. ஆங்கிலத்தில் அந்த வார்த்தையை எங்கே போடுவது என்று யோசித்தேன். அந்த இரண்டு மூன்று நாள் எனக்கே தடுமாற்றம். யாரும் மதிக்காத ஊர்க்காரியை ஒருவர் இரண்டாம் முறை கூப்பிடுகிறார். அதைத் தட்டுவதற்கு நான் யார் என்று இருந்தது. அம்மாவோ திடீரென்று என் பக்கம் வந்துவிட்டாள். "எறங்கி வந்து கூப்புடறாங்கன்னா அங்க ஏதோ கொற இருக்கு. நீ ஜெர்மனிக்கே போ" என்றாள். கல்யாணத் தரகர்கள் விஷயத்தில் அவள் கண்ட உண்மை அது. பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் என்று தீர்மானமாக நம்பினாள். பேராசிரியையின் நல்ல மனசு எங்கள் வீட்டில் அவருக்கே எதிராகச் சாட்சி சொன்னது.

இரண்டாவது மின்னஞ்சல் முதலாவதைவிடச் சின்னது. எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. உதவித்தொகைக்கு மனமார்ந்த நன்றி. கட்டணம் மட்டும் காரணமில்லை, பாடத் திட்டத்தைப் பார்த்தே முடிவு செய்தேன். என் முடிவில் மாற்றமில்லை. பிறகு வெட்கத்தை விட்டு ஒரு பத்தி சேர்த்தேன். நான் இடத்தை மறுத்துவிட்டேன் என்று உங்கள் அலுவலகத் தாளில் கையெழுத்தோடு ஒரு கடிதம் தர முடியுமா? என் வங்கி கேட்கிறது.

பிரவுசிங் சென்டர் அக்கா அதை என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் எடம் கெடச்சதுக்குத்தான் லெட்டர் கேட்டு எழுதுவாங்க. வேணாம்னதுக்கு சர்டிபிகேட் கேட்டவ நீ ஒருத்திதாம்மா."

ஆனால் வந்துவிட்டது. சேர்க்கை அலுவலகத்திலிருந்து ஒருவர் அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் மேலே, கீழே கையெழுத்து. இன்ன எண் கொண்ட விண்ணப்பதாரர் எங்கள் இடத்தை ஏற்கவில்லை, எங்களுக்கு அவர் எந்தத் தொகையும் செலுத்தவில்லை, விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது. பேராசிரியையும் ஒற்றை வரி அனுப்பியிருந்தார்: நல்லபடியாகப் படியுங்கள்.

கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் சின்னத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதான் சீலா? சிங்கம் போட்ருக்கு."

"ஆமா சார்."

"இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல" என்று சொல்லி, அதன் மேல் தன் வங்கி முத்திரையையும் ஓங்கி ஒரு குத்து குத்தினார். சிங்கத்தின் பாதி முகம் ஊதா மைக்குள் போய்விட்டது. கடன் மாறியது. சென்னைக்குப் போய் விசாவுக்கு நின்றேன். அம்மா பயந்ததுபோல் நடு ஆற்றில் சில வாரம் நிற்கத்தான் வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் அவள் என்னிடம் ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு விசா வந்தது.

ஊரில் இதற்குள் கதை தானாகவே வேறு உருவம் எடுத்திருந்தது. இடம் கிடைத்தபோது வாழ்த்தாதவர்கள்கூட இப்போது விசாரித்தார்கள். "லண்டன்காரன் கூப்புட்டானாம், இவ வரமாட்டேன்னுட்டாளாம். காசு கொறச்சுத் தரேன்னு மறுபடி கெஞ்சுனானாம், அப்பவும் முடியாதுன்னுட்டாளாம்." செந்துறையிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவுக்காரர் அந்த மறுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, "ஜெர்மனி லெட்டரு எதுக்கு? இதத்தான் ஃபிரேம் போடணும்" என்றார். ஜெர்மனிப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தைப் பார்க்க யாரும் கேட்கவேயில்லை. அதில் புரியாத எழுத்து இருந்ததும் ஒரு காரணம்.

நான் போனேன். படித்தேன். முதல் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். நான் விட்ட இடத்தில் யார் சேர்ந்தார்கள் என்று தெரியாது.

பல வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் அந்தப் பேராசிரியையைப் பார்த்தேன். பெயர் அட்டையைப் படித்துத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன். இடைவேளையில் போய் நின்று, நான் இன்னார், அரியலூர்க்காரி, உங்கள் இடத்தை இரண்டு முறை மறுத்தவள், இத்தனை நாளும் அது மனதில் உறுத்தலாகவே இருந்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் என்னை அன்போடு பார்த்தார். நினைவுபடுத்திப் பார்க்க நிஜமாகவே முயன்றார்.

"மன்னியுங்கள், ஞாபகமில்லை" என்றார். "ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் சொல்லக்கூட மாட்டார்கள்."

பிறகு என் ஆய்வை விளக்கி நான் அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியில் இருந்த நத்தையின் படத்தைக் காட்டி, அது எந்தப் பாறைப் படிவிலிருந்து எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். காபி ஆறும்வரை நின்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.